அப்பாவின் சீழ்க்கை

இறந்துபோன அப்பா எப்போதும் சீழ்க்கையடித்த பாட்டை ஒரு மகள் தேடுகிறாள். இதைச் சிறுகதையாக எழுதுகிறேன். பலரிடம் கேட்கிறாள், கடைசியில் கிடைத்துவிடுகிறது. நடுப்பகுதி மட்டும் சப்பென்று இருக்கிறது. என்ன செய்யலாம்?
- வாசகி, தஞ்சாவூர்

தேடல் ஏன் நீள்கிறது என்பதற்கு ஒரு காரணம் கொடுங்கள் அம்மா, நடுப்பகுதி தானே உயிர்பெறும். இன்று போனில் சீழ்க்கையடித்தே பாட்டைத் தேடலாம் என்பதால், கதையை 1990களில் வையுங்கள். அப்பா அடித்தது பல்லவி அல்ல, பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வரும் வயலின் இசை என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்பவர்கள் எல்லோரும் பல்லவியைத்தான் நினைவில் தேடுவார்கள், அதனால் யாருக்கும் பிடிபடாது. கேசட் கடைக்காரர் ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்தை மட்டும் போட்டுக் காட்டுவார். அவளும் "இது இல்லை" என்று தள்ளிக்கொண்டே போவாள். சரியான பாட்டையும் அப்படித்தான் தள்ளியிருப்பாள். அந்தக் காட்சியைக் கதையின் முதல் பாதியிலேயே சாதாரணமாக வைத்துவிடுங்கள்.

பிறகு ஒரு பஸ் பயணத்தில், நிறுத்த வழியில்லாமல் அதே பாட்டு பல்லவியைத் தாண்டி ஓடட்டும். வயலின் மூச்சு விடாமல் போகும் இடத்தில் அப்பா மூச்சு வாங்கியிருப்பார். அந்த இடைவெளி இல்லாததை அவள் கவனிக்கட்டும். பாட்டின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். சொன்னால் வாசகர் தன் நினைவில் உள்ள பாட்டைக் கேட்கத் தொடங்கிவிடுவார், அப்பாவின் சீழ்க்கை காதில் விழாது.