வேலைக்கு வராததற்கு விளக்க நோட்டீஸா?

சித்தேரி மலையிலிருந்து ஓசூர் ஆலைக்குப் போகும் ஒருவர், அம்மாவை அரூர் அரசு மருத்துவமனையில் சேர்த்ததால் ஐந்து நாள் சொல்லாமல் விடுப்பு எடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நோட்டீஸ் வந்தால்:

• நோட்டீஸ் எண், தேதியைக் குறிப்பிட்டு, கெடு முடியுமுன் பதில் எழுதுங்கள். அவகாசம் தேவையென்றால் அதையும் எழுத்தில் கேளுங்கள்.

• வராத நாட்களை ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் "வேண்டுமென்றே வரவில்லை" என்று எழுதித் தராதீர்கள். அனுமதியின்றி வராதது எல்லாமே வேண்டுமென்றே செய்த தவறாகாது என்று, அரசு ஊழியர் ஒருவரின் வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

• எந்தத் தேதியில் என்ன நடந்தது, ஏன் தகவல் சொல்ல முடியவில்லை என்பதை எழுதி, மருத்துவமனைச் சீட்டின் நகலை இணையுங்கள். பொய்ச் சான்றிதழ் தனிக் குற்றமாகிவிடும்.

• அந்த நாட்களை இருப்பிலுள்ள விடுப்பாகவோ சம்பளமில்லா விடுப்பாகவோ ஏற்கும்படி கேளுங்கள்.

நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.