முப்பத்தைந்து பேருக்குப் பாயசம்

மட்டாஞ்சேரியில் எங்கள் மையத்துக்கு ஓர் அக்கா படிக்க வருகிறார். அவருடைய பேத்திக்கு முதல் பிறந்தநாள். விருந்துக்கு 35 பேர் வருகிறார்கள். சேமியா பாயசக் குறிப்பு ஒன்றை மகள் பி.டி.எஃப். ஆகச் செல்போனில் அனுப்பினாள். அதில் "10 பேருக்கு" என்று இருந்தது.

அக்கா குறிப்பைத் தொட்டு நகல் எடுத்து, வேறு பக்கத்தில் ஒட்டினார். பிறகு கணக்குப் போட்டார்.

"தம்பி, பால் மட்டும் 19 லிட்டருக்கு மேல் வருதே! அவ்வளவு பணத்துக்கு எங்கே போவேன்?" என்றார்.

குறிப்பைத் திறந்து பார்த்தோம். அதில் பால் 1½ லிட்டர். ஒட்டிய பக்கத்தில் 11/2 என்று இருந்தது. சில பி.டி.எஃப்.களில் நகல் எடுக்கும்போது அரை, கால் குறிகள் இப்படி மாறிவிடும். 11/2 என்றால் ஐந்தரை. பத்துப் பேருக்கு ஐந்தரை லிட்டர் பாயசப் பால் என்றால், ஆளுக்கு அரை லிட்டருக்கு மேல். யார் குடிப்பார்கள்? இப்படி ஓர் ஆளுக்கு எவ்வளவு என்று பார்த்தாலே தவறு தெரிந்துவிடும். அதனால் எண்களைக் குறிப்பைப் பார்த்துக் கையால் எழுதுவதே நல்லது.

எத்தனை மடங்கு?

வரும் ஆட்களைக் குறிப்பில் உள்ள ஆட்களால் வகுக்க வேண்டும்.

35 ÷ 10 = 3½ மடங்கு

ஒவ்வொரு பொருளையும் மூன்றரையால் பெருக்கினோம்.

சேமியா: 150 கிராம் → 525 கிராம்
பால்: 1½ லிட்டர் → 5¼ லிட்டர்
சர்க்கரை: 200 கிராம் → 700 கிராம்
முந்திரி: 20 → 70

இப்போது பால் ஆளுக்கு 150 மில்லி. குறிப்பிலும் அதே அளவுதான். கணக்கு சரி.

கடைக்கான பட்டியல்

பஜார் ரோட்டுக் கடையில் 525 கிராம் சேமியா கேட்க முடியாது. 200 கிராம் பாக்கெட் என்றால் மூன்று வாங்க வேண்டும். மிச்சத்தை எடுத்து வைக்கலாம். பால் அரை லிட்டர் பாக்கெட்டில் 11 வேண்டும். வீட்டில் 250 கிராம் சர்க்கரை இருந்தது. அதைக் கழித்தால் 450 கிராம். அரைக் கிலோ வாங்கினால் போதும். முந்திரி 100 கிராம் போதும்.

எல்லாமே மடங்கு அல்ல

ஏலக்காய் குறிப்பில் 4. மூன்றரை மடங்கு என்றால் 14. முதலில் 10 தட்டிப் போட்டு, ருசி பார்த்துக் கூட்டலாம். அதிகம் போட்டுவிட்டால் எடுக்க முடியாது. வேகும் நேரத்தைப் பெருக்கக் கூடாது. பெரிய பாத்திரத்தில் பால் கொதிக்கத்தான் நேரம் அதிகமாகும். கொதித்த பின் சேமியா வேக ஏறக்குறைய அதே நேரம்தான்.

அக்கா பட்டியலை மடித்துச் சுருக்குப் பையில் வைத்தார். 19 லிட்டர் 5¼ லிட்டராகக் குறைந்திருந்தது.

பயிற்சி

1. அதே குறிப்பில் 25 பேருக்கு எத்தனை மடங்கு?
2. அவர்களுக்குச் சர்க்கரை எவ்வளவு?
3. வீட்டில் 100 கிராம் இருந்தால் எவ்வளவு வாங்க வேண்டும்?

(விடை: 2½ மடங்கு, 500 கிராம், 400 கிராம்.)