சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

போனக்காடு எஸ்டேட் படுத்துவிட்ட பிறகு, லயத்தில் பிறந்த எங்களில் சிலர் வித்துராவுக்கு இறங்கினோம், சிலர் அங்கிருந்து வளைகுடாவுக்குப் போனோம். நான் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். எனக்கும் சுகர், என் அத்தை மகன் மச்சானுக்கும் சுகர். நான் மாத்திரையில் இருந்த நாளிலேயே அவன் இன்சுலினுக்குப் போய்விட்டான். அங்கே ஒரு ஹோட்டல் சமையற்கட்டில் வேலை செய்தான்.

லீவு முடிந்து கிளம்பும்போது பெட்டியில் எத்தனை மாத்திரை அட்டை வைத்தாலும் ஒரு நாள் தீரத்தான் போகிறது. ஐக்கிய அமீரகத்துக்குச் சொந்த உபயோகத்துக்கென்று மூன்று மாதத்துக்கான சாதாரண மருந்துதான் கொண்டுபோகலாம். நமக்கு லீவு கிடைப்பதோ வருஷத்துக்கு ஒருமுறை, பலருக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. மீதி மாதங்களுக்கு அந்த ஊர் டாக்டர், அந்த ஊர் பார்மசி. ஊர் மருந்திலிருந்து அந்த ஊர் மருந்துக்கு மாறும் அந்த ஒரு வாரத்தில்தான் பெரும்பாலான ஆபத்து வருகிறது என்பது என் அனுபவம்.

மச்சானுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஊரில் அவனுக்கு எழுதியிருந்தது மிக்ஸ்டார்ட் 30, காலையில் 20 யூனிட், ராத்திரி 10. கிளம்பும்போது குப்பிகளை வாங்கி ஐஸ் பையில் வைத்துக்கொண்டான். சிரிஞ்சு அதிகம் வாங்கவில்லை. "ஊசி எங்கேயும் கிடைக்கும் மச்சான், அதுக்கு ஏன் பெட்டியில இடம்?" என்றான். கொண்டுபோன சிரிஞ்சுகள் தீர்ந்ததும் ஷார்ஜாவில் ஒரு பார்மசியில் இன்சுலின் சிரிஞ்சு கேட்டு வாங்கினான். அதன் மூடி ஆரஞ்சு நிறம். ஊரில் அவன் போட்டதற்குச் சிவப்பு மூடி. கம்பெனி வேறு, அதனால் நிறமும் வேறு என்று நினைத்துக்கொண்டான்.

நிறம் கம்பெனியைச் சொல்வதல்ல. நம் நாட்டில் குப்பியில் வருகிற மிக்ஸ்டார்ட் மாதிரியான இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, அதன் கோடுகளும் 40-க்குப் போட்டவை. வளைகுடாவில் குப்பி இன்சுலின் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி, கோடுகள் 100-க்கு. இரண்டு சிரிஞ்சிலும் '20' என்று ஒரு கோடு இருக்கும். சிவப்பில் அந்தக் கோடு வரை இழுத்தால் அரை மில்லி. ஆரஞ்சில் 0.2 மில்லிதான், அதாவது ஒரு மில்லியில் ஐந்தில் ஒரு பங்கு.

மச்சான் ஊர்க் குப்பியில் ஆரஞ்சு சிரிஞ்சை விட்டு 20 வரை இழுத்தான். 0.2 மில்லியை 40-ஆல் பெருக்கினால் 8. இருபது யூனிட் போட்டதாக நினைத்துக்கொண்டு தினமும் எட்டு யூனிட் போட்டான், ராத்திரி பத்துக்குப் பதில் நான்கு. இரண்டு வாரத்தில் வெறும்வயிற்றுச் சுகர் 130-லிருந்து 270-க்கு ஏறியது. வாய் வறண்டது, ராத்திரியில் பலமுறை எழுந்தான். சமையற்கட்டு வெக்கையால்தான் தாகம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

கிளினிக்கில் காட்டினான். டாக்டர் புதியவர், இவனைப் பார்ப்பது முதல்முறை. எத்தனை யூனிட் என்று கேட்டார், இருபது என்றான். சுகர் 270. அவர் காலை டோஸை 30 ஆக்கினார். அவர் கையில் இருந்த தகவலுக்கு அது சரியான முடிவுதான், நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஆரஞ்சில் 30 என்றால் உள்ளே போனது 12 யூனிட். ஊரில் போட்டுக்கொண்டிருந்ததைவிட இன்னும் குறைவு. சுகர் கொஞ்சம் இறங்கியது, அவ்வளவுதான்.

உண்மையான ஆபத்து இதற்குப் பிறகு வந்தது. ஊர்க் குப்பி தீர்ந்தது. டாக்டர் சீட்டைக் காட்டி அங்கேயே மிக்ஸ்டார்ட் வாங்கினான். அதே பெயர்தான், ஆனால் 100 யூனிட் குப்பி. கையில் ஆரஞ்சு சிரிஞ்சு. இப்போதுதான் குப்பியும் சிரிஞ்சும் ஒன்றோடொன்று பொருந்தின. 30 கோடு வரை இழுத்தான், நிஜமாகவே 30 யூனிட் போயிற்று. முந்தின நாள் வரை பன்னிரண்டு, அன்று முப்பது. இரண்டாம் நாள் முற்பகல், மதியச் சாப்பாட்டுக்கு வெகுநேரம் முன்பு, வியர்த்துக் கொட்டி கை நடுங்கி கத்தியைக் கீழே போட்டிருக்கிறான். மீட்டர் 48 காட்டியது. கூட வேலை பார்த்தவர் ஒருவர் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்தார். கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து, பிறகு குப்பூஸும் கொடுத்து உட்காரவைத்தார். மிக்ஸ்டார்ட் பல மணி நேரம் வேலை செய்யும். சர்க்கரை குடித்ததும் தெளிந்துவிட்டது என்று எழுந்து போனால் மறுபடி விழவேண்டியதுதான். அந்த மனுஷர் விவரம் தெரிந்தவர்.

பழைய குப்பி, புதிய குப்பி, சிரிஞ்சு எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டியபோதுதான் பார்மசியில் இருந்த மலையாளி சேச்சி பார்த்தவுடனே கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு நான் எல்லோருக்கும் சொல்வது இது: புதிய டாக்டரிடம் எண்ணை வாயால் சொல்லாதீர்கள், குப்பியையும் சிரிஞ்சையும் மேஜைமேல் வையுங்கள்.

இதை நாமே முன்கூட்டிக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, அது பலருக்குத் தோன்றுவதில்லை. குப்பி எத்தனை நாள் வருகிறது என்று பாருங்கள். ஊர்க் குப்பி 10 மில்லி, மொத்தம் 400 யூனிட். நாளுக்கு 30 யூனிட் போட்டால் பதின்மூன்று நாளில் காலி. மச்சானுக்கு அந்தக் குப்பி ஒரு மாதத்தை நெருங்கி ஓடியது. "இந்தத் தடவை மருந்து நல்லா நிக்குது" என்று சந்தோஷப்பட்டான், பாவம். இரண்டு வாரத்தில் தீரவேண்டிய குப்பி ஒரு மாதம் வரை வந்தால், உங்களுக்குப் போகவேண்டியது போகவில்லை.

லீவில் ஊருக்கு வரும்போது இதுவே தலைகீழாகும், அது இன்னும் மோசம். அங்கே வாங்கிய 100 குப்பியோடு வந்து, சிரிஞ்சு தீர்ந்துபோய் வித்துரா கடையில் சிவப்பு மூடி வாங்கி 20 வரை இழுத்தால், போவது 50 யூனிட். இரண்டரை மடங்கு. ராத்திரி டோஸாக இருந்தால் தூக்கத்திலேயே சுகர் இறங்கிவிடும். கோடுகளை மாற்றிக் கணக்குப் போட்டுச் சமாளிக்கச் சொல்கிறவர்கள் உண்டு. தூக்கக் கலக்கத்தில் யார் கணக்குப் போடுவது? எந்தக் குப்பியோ அதற்கான சிரிஞ்சைக் குப்பி தீரும்வரை போதுமான அளவு சேர்த்து, இரண்டையும் ஒரே பையில் கட்டிவிடுங்கள். பழையது தீர்ந்தால் பழைய சிரிஞ்சுகளையும் தூக்கிப் போடுங்கள். காசு கொஞ்சம் கூடினாலும் டாக்டரைக் கேட்டுப் பேனாவுக்கு மாறலாம். வழக்கமான பேனாக் குழல் அங்கேயும் இங்கேயும் 100 யூனிட்தான், திருகினால் யூனிட்டே தெரியும். ஆனால் ஒரு கம்பெனிக் குழல் இன்னொரு கம்பெனிப் பேனாவில் பொருந்தாது. எது அங்கே கிடைக்கும் என்று விசாரித்த பிறகே மாறவேண்டும்.

மாத்திரைக்காரர்களுக்கு வேறு விதமான சிக்கல். நம் ஊரில் இரண்டு மூன்று மருந்தை ஒரே மாத்திரையில் சேர்த்துத் தருவது சகஜம். நான் சாப்பிட்ட கிளைகோமெட் ஜிபி 2-ல் மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம், கிளிமெபிரைட் 2 மில்லிகிராம். அங்குள்ள டாக்டருக்கு இந்தப் பெயர் தெரியவேண்டும் என்று என்ன கட்டாயம்? பெயரில் 'மெட்' இருப்பதைப் பார்த்து மெட்ஃபார்மின் மட்டும் எழுதினால் சுகர் ஏறும். இரண்டையும் தனித்தனியாக எழுதித் தந்து, நாம் மிச்சமிருக்கும் ஊர் மாத்திரையையும் சேர்த்து விழுங்கினால் கிளிமெபிரைட் இரட்டிப்பாகித் தாழ்சர்க்கரை வரும். அதனால் கடைசி அட்டையின் பின்பக்கத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பேன். அதில் மருந்தின் மூலப் பெயரும் மில்லிகிராமும் அச்சாகி இருக்கும். டாக்டருக்கு நம் ஓபி சீட்டுக் கையெழுத்தைவிட அது பயன்படும். புதிய மருந்து வந்ததும் பழையதை நிறுத்தவேண்டுமா என்று அவரிடமே கேட்டுவிடுவேன்.

கால் எரிச்சலுக்கு ஊரில் எழுதித் தரும் மாத்திரையைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். நரம்புக்கு வைட்டமின் என்று நினைத்து நாம் போடுகிற அட்டையின் பின்னால் மெத்தில்கோபாலமினோடு பிரகாபலின் என்றும் இருக்கலாம். பிரகாபலின் அமீரகத்திலும் சவூதியிலும் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. கத்தாரில் உள்ள நம் தூதரகம், கொண்டுவரக்கூடாதவை என்று எச்சரித்த மருந்துகளில் அதுவும் டிரமடாலும் உண்டு. டாக்டர் சீட்டு இருந்தாலே போதும் என்று நம்பவேண்டாம். அமீரகத்துக்கு இப்படிப்பட்ட மருந்தைக் கொண்டுபோகவேண்டுமானால் அந்நாட்டு அரசிடம் இணையதளம் வழியாக முன்பே அனுமதி வாங்கவேண்டும். லீவில் வந்ததுமே டாக்டரிடம் சொல்லிவிட்டால், வேறு மருந்துக்கு மாறி அது ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கவும் நாள் இருக்கும். இன்னொன்று, அடுத்த வீட்டு அக்கா "எம்புள்ளைக்கு இந்த மாத்திரைய மட்டும் கொண்டுபோய்க் குடு தம்பி" என்று தருகிற பொட்டலம். மனவருத்தம் வந்தாலும் நான் வாங்குவதில்லை. அதில் என்ன இருக்கிறது என்று அந்த அக்காவுக்கே தெரியாது, விமான நிலையத்தில் பதில் சொல்லவேண்டியவன் நான்.

இன்சுலினைப் பெரிய பெட்டியில் போடக்கூடாது. விமானத்தின் அடிப்பகுதியில் அது உறைந்துபோக வாய்ப்புண்டு, பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டாலும் மருந்தில்லாமல் நிற்போம். கைப்பையில்தான் வைக்கவேண்டும், ஐஸ் கட்டியோடு நேராக ஒட்டாதபடி துணி சுற்றி. உறைந்த இன்சுலின் உருகிய பிறகு பார்வைக்குச் சரியாகத் தெரிந்தாலும் அதை நம்பமுடியாது. மிக்ஸ்டார்டை உள்ளங்கையில் உருட்டினால் பால்போல ஒரே சீராகக் கலங்கவேண்டும். கட்டி மிதந்தாலோ கண்ணாடியில் வெள்ளையாய் ஒட்டிக்கொண்டாலோ தூக்கிப் போடவேண்டியதுதான். வித்துரா தாலுகா ஆஸ்பத்திரியில் மருந்து இலவசமாகக் கிடைத்தாலும், பயணத்துக்கு வேண்டியதை நான் கடையில் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரிலேயே பில்லோடு வாங்குவேன். கேட்டால் காட்டுவதற்கு டாக்டர் கடிதமும் அந்தப் பில்லும் கைப்பையில் இருக்கும்.

மச்சான் இப்போது தோஹாவில் இருக்கிறான், பேனாதான் போடுகிறான். போன மாதம் போன் பண்ணி, "சுகர் 9.4-ங்கிறாங்க மச்சான், மூணு மாசச் சுகர் இவ்வளவு ஏறிடுச்சா?" என்று பயந்தான். அது மூன்று மாதச் சராசரி இல்லை. அங்கே அன்றைய ரத்தச் சர்க்கரையையே மில்லிமோல் கணக்கில் எழுதுகிறார்கள், 18-ஆல் பெருக்கினால் நம் கணக்கு வரும். 169. சாப்பிட்ட பிறகு எடுத்ததா என்று கேட்டேன். பிரியாணி என்றான்.