ஒரே சேலை, இரண்டு நிறம்: கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் தறிச் சேலைகளை ஆன்லைனில் விற்கிறோம். நானும் நாத்தனாரும் ஆளுக்கொரு போனில் படம் எடுக்கிறோம். ஒரே அரக்குச் சேலை அவர் படத்தில் செங்கல் நிறமாகவும், என் படத்தில் கத்தரிப்பூச் சாயலோடும் வருகிறது. எந்தப் போன் வாங்கலாம்?
– வாசகி, இளம்பிள்ளை

பதில்: போன் வாங்க வேண்டாம். உங்கள் போனிலேயே சுவரோடு சேர்த்து ஒரு படமும், முந்தானையை மட்டும் நெருக்கி ஒரு படமும் எடுங்கள். அந்த இரண்டுக்குள்ளேயே அரக்கு வேறுபட்டிருக்கும். படம் முழுவதும் சிவப்பு நிறைந்தால், வெளிச்சமே சிவந்திருக்கிறது என்று போன் கணக்கிட்டு, ஈடாக நீலத்தைக் கூட்டிவிடுகிறது. கத்தரிப்பூச் சாயல் அங்கிருந்துதான் வருகிறது. சுவரும் தெரிகிற படத்தில் அந்தத் திருத்தம் குறைவு. ஒவ்வொரு படத்துக்கும் இப்படி வேறு வேறு முடிவை எடுக்கும் தானியங்கி முறையை நிறுத்துவதே முதல் வேலை. டியூப் லைட்டை அணைத்து, நேர்வெயில் படாத ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும் எடுங்கள். கேமராவின் Pro பகுதியில் WB அளவை இரண்டு போனிலும் 5000K என்று பூட்டுங்கள்.

பூட்டிய பிறகும் இரண்டும் ஒத்துப்போகாது, சென்சார்கள் வேறு. ஆனால் ஒவ்வொரு போனின் பிழையும் இனி நிலையாக இருக்கும், நிலையான பிழையை ஒரே திருத்தத்தில் நீக்கிவிடலாம். புகைப்படக் கடையில் கிடைக்கும் சாம்பல் அட்டையைச் சேலை மடிப்பின் மேல் வைத்து, எடுக்கப்போகும் வரிசையின் முதல் படத்தை எடுங்கள். லைட்ரூம் ஆப்பில் WB சொட்டுக்குழாயால் அட்டையைத் தொட்டு, அதே திருத்தத்தை அந்தப் போனின் மற்றப் படங்களுக்கும் ஒட்டுங்கள். அடுத்த போனுக்குத் தனியாகச் செய்ய வேண்டும். வெளிச்சம் மாறினால் அட்டைப் படத்தை மீண்டும் எடுங்கள். அட்டைக்குப் பதில் வெள்ளைத் தாளை வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு: தாளில் சேர்த்த வெளுப்பு ரசாயனம் பகல் வெளிச்சத்தில் நீலமாக மின்னும், அதை வெள்ளையென நம்பித் திருத்தினால் சேலை மஞ்சளிக்கும்.

வாங்குபவரின் திரையே நிறத்தை மாற்றும்போது இவ்வளவு பாடு எதற்கு என்பார்கள். அவர் திரை உங்கள் எல்லாப் படங்களையும் ஒரே பக்கமாகத்தான் சாய்க்கும். சேலைக்கும் ரவிக்கைத் துணிக்கும் உள்ள பொருத்தம் பெரும்பாலும் கெடாது. உங்கள் படங்களே தாறுமாறாக இருந்தால் எந்தத் திரையும் அதைச் சரிசெய்யாது. அட்டைக்கும் ஓர் எல்லை உண்டு. சாம்பல் ஒத்துப்போன பிறகும் ராமர் பச்சை, வாடாமல்லி போன்ற அடர்நிறங்கள் போனுக்குப் போன் சற்று விலகும். அந்த நிறச் சேலைகளை எல்லாம் ஒரே போனில் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஐபோனில் பளிச்சென்று இருக்கும் படம், கடைப் பக்கத்தில் ஏற்றியதும் மங்குகிறது.
– வாசகர், ராசிபுரம்

பதில்: sRGB ஆக மாற்றி ஏற்றுங்கள்.

கேள்வி: மயில் கழுத்துச் சேலை ஒரு படத்தில் நீலம், அடுத்ததில் பச்சை. அட்டை வைத்தும் பயனில்லை.
– வாசகி, திருச்செங்கோடு

பதில்: அங்கே அட்டை தோற்கவில்லை. பாவும் ஊடையும் வேறு நிறம். பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாறும். ஜன்னல், சேலை, போன் மூன்றின் இடத்தையும் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு நிலைநிறுத்துங்கள். இரண்டு சாயலும் தெரிகிற மடிப்புப் படம் ஒன்றையும் கட்டாயம் சேருங்கள். அது இல்லாமல் விற்றால் சேலை திரும்பி வரும்.