எடுப்பதும் எடுக்க உத்தேசிப்பதும்

ஓசூர்ப் பக்கம் நில எடுப்புப் பிரிவில் வேலை பார்த்த நாட்களில் நான் செய்த ஒரு தவறு இன்றைக்கும் உறுத்துகிறது. சூளகிரி வட்டாரத்தில் ஒரு கிராமத்துக்குத் தொழில் நோக்க நில எடுப்பு அறிவிப்பு போயிற்று. ஊர்க்காரர்கள் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இதுல என்னதான் சொல்லியிருக்கு?" என்று கேட்டார்கள். ஒரு துண்டுத் தாளில் எளிய தமிழில் இப்படி எழுதிக் கொடுத்தேன்: "சிப்காட்டுக்காக உங்கள் நிலத்தை அரசு எடுக்கிறது. மறுப்பு இருந்தால் 30 நாளில் சொல்லுங்கள்."

எல்லோருக்கும் புரிந்தது. புரிந்தது அத்தனையும் தப்பு.

மூல அறிவிப்பின் வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கும்: "அட்டவணையில் கண்ட நிலங்கள் தொழில் நோக்கத்திற்குத் தேவைப்படுவதாக அரசால் கருதப்படுவதால், மேற்படி நிலங்கள் ஏன் கையகப்படுத்தப்படக் கூடாது என்பதற்கான காரணங்களை இவ்வறிவிப்பு சார்வு செய்யப்பட்ட நாளிலிருந்து 30 தினங்களுக்குள் எழுத்து மூலமாகத் தெரிவிக்குமாறும், தவறும்பட்சத்தில் ஆட்சேபணை ஏதுமில்லை எனக் கருதி மேல்நடவடிக்கை தொடரப்படும் என்றும் மேற்படி நிலத்தின் உடைமையாளர் மற்றும் அக்கறையுள்ள நபர்களுக்கு இதனால் அறிவிக்கப்படுகிறது."

ஒரே வாக்கியம். யாருக்கு என்பது கடைசியில்தான் வருகிறது. அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டும். இதை உடைப்பது சுலபம். உடைக்கும்போது எது கீழே சிந்துகிறது என்று பார்ப்பதுதான் வேலை.

நான் முதலில் சிந்தவிட்டது வினைமுற்றை. 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நிலம் கையகப்படுத்துதல் சட்டத்தில் 3(2)-ஆம் பிரிவின் அறிவிப்பு காரணம் கேட்கும் கட்டம். நிலம் அப்போது இன்னும் பட்டாதாரருடையதுதான். காரணத்தைக் கேட்டு, பரிசீலித்து, அரசு முடிவெடுத்து, 3(1)-ஆம் பிரிவின்படி அரசிதழில் வெளியிட்ட பிறகே, அந்த நாளிலேயே 4-ஆம் பிரிவின்படி நிலம் அரசுக்குப் போய்ச் சேரும். நான் "எடுக்கிறது" என்று எழுதியதும் ஊரில் பலர், எல்லாம் முடிந்துவிட்டது, இனி எழுதிக் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டார்கள். "எடுக்க உத்தேசித்துள்ளது" என்றுதான் எழுதியிருக்க வேண்டும். "உத்தேசம்" என்ற சொல் ஊரில் எல்லாருக்கும் தெரியும். கல்யாணத்துக்கும் அதையேதான் சொல்கிறார்கள்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். அரசாணையோ அறிவிப்போ எது கையில் வந்தாலும் முதலில் பென்சிலால் வினைமுற்றுகளை மட்டும் அடிக்கோடிடுவேன். உத்தேசிக்கப்பட்டுள்ளது, ஆணையிடப்படுகிறது, தெரிவிக்கலாம், தெரிவிக்க வேண்டும், இயலாது. கனமான சொற்கள் எல்லாவற்றையும் மாற்றினாலும் சட்டம் பெரும்பாலும் தப்பிக்கும். "லாம்" இருந்த இடத்தில் "வேண்டும்" வந்தால் தப்பிக்காது.

இதிலே ஒரு சிக்கல் உண்டு. "தெரிவிக்குமாறு" என்பது லாமா, வேண்டுமா? காரணம் சொல்வது உரிமை. சொல்லாதவர் மேல் குற்றம் இல்லை. ஆனால் சொல்வதற்குக் கெடு இருக்கிறது. "எழுதித் தர வேண்டும்" என்று போட்டால் தராவிட்டால் தண்டனை என்று பயப்படுகிறார்கள். "எழுதித் தரலாம்" என்றால், சரி, ஒருநாள் தரலாம் என்று விட்டுவிடுகிறார்கள். ஒரே வினையில் இரண்டையும் அடைக்கப் பார்த்ததால் வந்த வினை இது. கடைசியில் இரண்டாகப் பிரித்தேன்: "காரணம் எழுதித் தரலாம். தருவதானால் 30 நாட்களுக்குள் தந்துவிட வேண்டும்." மூலத்தைவிடச் சில சொற்கள் கூடுதல்தான். எளிமை என்றால் சுருக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

"சொல்லுங்கள்" என்று எழுதியதற்கும் ஊர்க்காரர்கள் விலை கொடுத்தார்கள். ஒருவர் டீக்கடையில் கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, "எனக்கு இஷ்டம் இல்லைங்க சார்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட்டார். "எழுத்து மூலமாக" என்ற இரண்டு சொல் அலங்காரம் இல்லை என்று அவர் மூலம் தெரிந்துகொண்டேன். அவர் சொன்னது காரணமும் இல்லை. இஷ்டம் இல்லை என்பது விருப்பம். இது கிணற்றுப் பாசனமுள்ள நிலம், குடும்பத்துக்கு வேறு நிலம் இல்லை, என் சர்வே எண்ணில் அளவு தவறாகக் காட்டப்பட்டிருக்கிறது என்பவை காரணங்கள். அதனால் "மறுப்பு" என்ற சொல்லையே விட்டுவிட்டு "ஏன் எடுக்கக் கூடாது என்பதற்கான காரணம்" என்று மூலத்தில் இருந்ததையே வைத்துக்கொண்டேன். அது ஏற்கெனவே எளிய தமிழ்தான். அரசுத் தமிழ் முழுவதுமே கடினம் என்ற எண்ணத்தில் நல்ல இடங்களையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறோம்.

அடுத்தது, யாருக்கு என்பது. "உங்கள் நிலம்" என்று எழுதியபோது என் மனதில் இருந்தது பட்டாவில் பெயர் உள்ளவர். மூலமோ "உடைமையாளர் மற்றும் அக்கறையுள்ள நபர்கள்" என்கிறது. இந்த "அக்கறை" பாசம் இல்லை. இழப்பீட்டில் பங்கு கேட்கும் பாத்தியதை உள்ளவர் என்று பொருள். பட்டா தாத்தா பெயரிலேயே இருக்கும் குடும்பத்தில் எல்லை தாண்டி ஆனேக்கல்லில் வாழ்க்கைப்பட்ட தங்கை, குத்தகைக்கு உழுகிறவர், அடமானம் வாங்கியவர் எல்லாரும் அந்த இரண்டு சொல்லுக்குள் இருக்கிறார்கள். என் துண்டுத் தாள் அவர்களை வெளியே தள்ளிவிட்டது. "மற்றும்" என்ற ஒட்டுச்சொல்லும் உதவவில்லை. இருவரும் சேர்ந்து ஒரே மனுவாகத் தர வேண்டுமா என்று கேட்டவர்கள் உண்டு. தமிழின் "உம்" அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிட்டது: "நிலத்தின் உரிமையாளரும், அந்த நிலத்தில் வேறு எந்த வகையிலாவது பாத்தியதை உள்ள எவரும் தனித்தனியே எழுதித் தரலாம்."

எல்லாச் சொல்லையும் மாற்றலாம் என்றில்லை. "சார்வு செய்தல்" என்பதை "கிடைத்த நாள்" என்று ஆக்கப் பார்த்தேன். கேட்க இனிமைதான். ஆனால் ஓசூர்ப் பக்கத்து உரிமையாளர்களில் பலர் பெங்களூருவில் இருக்கிறார்கள். வீடு பூட்டியிருந்தால் விதிப்படி கதவில் ஒட்டிவிட்டு வருவதுண்டு. அதுவும் சார்வுதான். "கிடைத்த நாள்" என்று எழுதினால், எனக்குக் கிடைக்கவே இல்லை, கெடு இன்னும் தொடங்கவில்லை என்று ஒருவர் வாதாடலாம். அவரை அப்படி நம்ப வைத்தவர்கள் நாமாக இருப்போம். இப்படிப்பட்ட சொல்லை அப்படியே வைத்து, ஒருமுறை விளக்கிவிடுவதே நல்லது: "சார்வு என்பது, அறிவிப்பை நேரில் கொடுப்பது அல்லது விதி அனுமதிக்கும் வேறு வழியில் சேர்ப்பது." பிறகு தாள் முழுக்க அந்தச் சொல்லையே பயன்படுத்த வேண்டும். அழகுக்காக ஓரிடத்தில் சார்வு, ஓரிடத்தில் வழங்கல், ஓரிடத்தில் அளிப்பு என்று மாற்றி எழுதினால், மூன்றும் வெவ்வேறு என்று ஒரு வக்கீல் சொல்வார். சொல்லத்தான் அவருக்குச் சம்பளம்.

"வில்லங்கம்" இன்னும் விஷமமான சொல். 4-ஆம் பிரிவைச் சொல்லும்போது நிலம் "வில்லங்கம் எதுவுமின்றி" அரசைச் சேரும் என்று எழுதுவோம். பேச்சுத் தமிழில் வில்லங்கம் என்றால் வம்பு. வம்பில்லாமல் சுமுகமாகப் போகும் என்று படித்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். உண்மையில் அதன் பொருள் நிலத்தின் மேல் இருந்த அடமானம், குத்தகை போன்ற பிடிகள் எல்லாம் நிலத்தைவிட்டு விலகிவிடும், இனி உரிமை கோருவது இழப்பீட்டுத் தொகையில்தான் என்பது. விளக்கும்போது "போன்ற" என்ற சொல் கட்டாயம் வேண்டும். அடமானம், குத்தகை என்று இரண்டோடு நிறுத்தினால் பட்டியல் மூடிக்கொள்ளும். மூன்றாவதாக ஒரு பாத்தியதை இருப்பவர் இது தனக்குப் பொருந்தாது என்று நினைப்பார்.

இந்த மண்ணுக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். பாகலூர், பேரிகைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, தமிழைப் பள்ளியில் படித்தவர்கள் அதிகம். ஒருமுறை நான் தனித்தமிழ் ஆர்வத்தில் "ஆட்சேபணை" என்பதை நீக்கி "எதிர்ப்புரை" என்று எழுதினேன். ஒருவருக்கும் புரியவில்லை. ஆட்சேபணை கன்னடத்தில் ஆக்ஷேபணெ, தெலுங்கில் ஆக்ஷேபண; காரணம் மூன்றிலும் காரணம்தான். சென்னையில் பழமை என்று ஒதுக்கும் சொல் இங்கே சுலபமான சொல். நேர்மாறாகவும் நடக்கும். இழப்பீட்டுக்கு அவ்விரு மொழிகளிலும் "பரிஹாரம்" என்பார்கள். அதைத் தமிழில் எழுதினால் தமிழ்க் காதுக்குக் கோயிலில் செய்யும் பரிகாரம். "நஷ்டஈடு" என்றால் எல்லாருக்கும் போய்ச் சேர்கிறது. எழுதியதை உள்ளூர்க்காரர் ஒருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லிவிட்டுத் தாளை வாங்கிக்கொண்டு, யார், என்ன, எதற்குள், செய்யாவிட்டால் என்ன என்று நான்கு கேள்வி கேட்பேன். அவர் பதிலை மூலத்தோடு ஒப்பிட்டால் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும்.

சட்டத்தின் பெயரையும் பிரிவு எண்ணையும் மட்டும் எவ்வளவு நீளமாக இருந்தாலும் குறைக்க மாட்டேன். 2013-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் வேறு, இது வேறு. சென்னை உயர் நீதிமன்றம் 2019-இல் இந்த 1997 சட்டத்தின் வழியை அடைத்தது. மாநில அரசு அதே ஆண்டு மீட்புச் சட்டம் கொண்டுவந்தது. உச்ச நீதிமன்றம் 2021-இல் அதை ஏற்றது. எந்தச் சட்டத்தின்கீழ் என்று தெரியாமல் ஒரு வக்கீலால்கூடப் பதில் எழுத முடியாது. ஆனால் அதை வாக்கியத்தின் தலையில் சுமத்தாமல் தனி வரியாகத் தாளின் மேலே போட்டுவிடலாம். அடியில், இது விளக்கம் மட்டுமே, முரண் வந்தால் மூல அறிவிப்பே செல்லும் என்று ஒரு வரி.

இப்போது நான் எழுதும் தாளின் முக்கியப் பகுதி இது:

"இந்த அட்டவணையில் உள்ள நிலத்தைத் தொழில் நோக்கத்துக்காக எடுக்க அரசு உத்தேசித்துள்ளது. நிலத்தின் உரிமையாளரும், அதில் வேறு எந்த வகையிலாவது பாத்தியதை உள்ள எவரும், நிலத்தை ஏன் எடுக்கக் கூடாது என்பதற்கான காரணத்தைத் தனித்தனியே எழுதித் தரலாம். தருவதானால், இந்த அறிவிப்பு சார்வு செய்யப்பட்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் தந்துவிட வேண்டும். தராவிட்டால், ஆட்சேபணை இல்லை என்று கருதி அரசு மேல்நடவடிக்கை எடுக்கும்."

"சிப்காட்டுக்காக" என்பது போய்விட்டதைக் கவனித்திருப்பீர்கள். மூலத்தில் இல்லாததை நான் ஊர்ப்பேச்சிலிருந்து சேர்த்திருந்தேன்.

நாள் கணக்கில்தான் இன்னும் கேள்வி வருகிறது. "நாளிலிருந்து" என்றால் அந்த நாளைச் சேர்க்காமல் மறுநாளிலிருந்து எண்ணுவது சட்ட வழக்கம். ஜூன் 3-இல் சார்வானால் ஜூன் 4 முதல் நாள், ஜூலை 3 கடைசி நாள். தேதியையே அச்சிட்டுவிடலாமே என்பார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் சார்வு நாள் வேறாயிற்றே. அதனால் தாளில் இரண்டு கோடு விட்டிருக்கிறேன்: சார்வான நாள், கடைசி நாள். கொண்டுபோய்க் கொடுப்பவர் வாசலில் நின்றே இரண்டையும் பேனாவால் நிரப்பி, அவர்களிடமும் எண்ணிப் பார்க்கச் சொல்லிவிட்டு வர வேண்டும்.