சிவந்த சிறுநீரும் பச்சை மலமும்: எப்போது கவலைப்பட வேண்டும்?



பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் கழிவறையில் சிவப்பு நிறத்தைக் கண்டு இரத்தமோ என்று பயப்படுபவர்கள் உண்டு. உண்மையிலேயே இரத்தம் வரும்போது "பீட்ரூட்டாக இருக்கும்" என்று சும்மா இருந்துவிடுபவர்களும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவது எப்படி என்று பார்ப்போம்.

பீட்ரூட்டின் சிவப்புக்குக் காரணம் பீட்டானின் என்ற நிறமி. பெரும்பாலானோருக்கு அது வயிற்றிலும் குடலிலும் சிதைந்து நிறத்தை இழந்துவிடும். சுமார் பத்துப் பேரில் ஒருவருக்கு மட்டும் சிதையாத நிறமி இரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வழியாக இளஞ்சிவப்பாகவோ சிவப்பாகவோ வெளியேறும். சிவப்புத் தண்டுக்கீரையிலும் இதே வகையைச் சேர்ந்த நிறமிதான் இருக்கிறது.

பசலைக்கீரை, பாலக்கீரை ஆகியவற்றின் பச்சையம் வேறு விதமானது. அது சிறுநீரைச் சிவப்பாக்காது. நிறைய சாப்பிட்டால் மலம் பச்சையாகவோ கரும்பச்சையாகவோ போகும். ஆனால் இந்தக் கீரைகளில் ஆக்ஸாலிக் அமிலம் அதிகம். அந்த அமிலம் பீட்ரூட் நிறமி சிதையாமல் காக்கிறது. ஆகவே இரண்டையும் ஒரே வேளையில் சாப்பிட்டால் சிவப்பு கூடுதலாகத் தெரிய வாய்ப்புண்டு.

ஓர் உதாரணம். ஞாயிறு மதியம் ஒரு வீட்டில் கீரைக் கடையலும் பீட்ரூட் பொரியலும். பத்து வயது மகளுக்கு அன்று இரவே சிறுநீர் இளஞ்சிவப்பாகப் போகிறது. திங்கட்கிழமை மலம் கரும்பச்சையாக, இடையிடையே சிவப்பாக இருக்கிறது. வலி, எரிச்சல், காய்ச்சல் எதுவும் இல்லை. தாய் செய்ய வேண்டியது, கீரையையும் பீட்ரூட்டையும் நிறுத்திவிட்டு, வழக்கம்போல் தண்ணீர் கொடுத்துக் கவனிப்பதுதான். உணவின் நிறமாக இருந்தால் சிறுநீர் ஓரிரு நாளில் தெளிந்துவிடும். மலம் தெளிய இரண்டு மூன்று நாள் ஆகலாம். புதன்கிழமைக்குப் பிறகும் சிறுநீர் சிவப்பாகவே இருந்தால் காரணம் பீட்ரூட் அல்ல என்று கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

அங்கே சிறுநீரில் ஒரு பரிசோதனைப் பட்டையை நனைத்துப் பார்ப்பார்கள். இரத்தம் இருந்தால் பட்டையின் நிறம் மாறும். பிறகு நுண்ணோக்கியில் சிவப்பணுக்கள் தெரிகின்றனவா என்று பார்த்து உறுதி செய்வார்கள். பீட்ரூட் நிறத்தில் அந்த அணுக்கள் இருக்காது. சிறிய சோதனைதான். சந்தேகம் இருந்தால் தயங்காமல் செய்துகொள்ளலாம்.

சில நிலைகளில் மூன்று நாள் காத்திருக்கவே கூடாது. பீட்ரூட் சாப்பிடாமலே சிறுநீர் சிவந்தால், சிவப்போடு எரிச்சல், காய்ச்சல், இடுப்பு வலி இருந்தால், கட்டி கட்டியாக வந்தால் உடனே காட்ட வேண்டும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் பீட்ரூட் சாப்பிட்டிருந்தாலும் சோதித்துக்கொள்வதே நல்லது. கல் உரசினாலும் இரத்தம் வரும். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் வலியே இல்லாமல் ஒருமுறை இரத்தம் வந்து நின்றாலும் அதை விட்டுவிடக் கூடாது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அப்படித்தான் முதலில் தலைகாட்டும்.

மலத்தில் கவனிக்க வேண்டியது கறுப்பு. கீரையின் கரும்பச்சையை வெளிச்சத்தில் பார்த்தால் பச்சை தெரியும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் மலம் கறுக்கும். அதற்காக மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் தார் போல ஒட்டும் கறுப்பு, கடுமையான துர்நாற்றம், அதோடு தலைசுற்றல் என்றால், வயிற்றுக்குள் இரத்தம் கசிகிறது என்று பொருள். உடனே செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொரு விஷயம். பீட்ரூட்டால் சிறுநீர் சிவப்பது, இரும்புச்சத்துக் குறைவாக உள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை. ஆகவே பீட்ரூட் சாப்பிடும் போதெல்லாம் சிறுநீர் சிவக்கிறவருக்குக் களைப்பு, மூச்சிரைப்பு, வெளிறிய முகம் ஆகியவையும் இருந்தால், ஒருமுறை ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளட்டும். அந்தச் சிவப்பு மட்டும் நோய்க்கு அத்தாட்சி ஆகாது. நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கும் அது வரும்.

எனவே நிறம் மாறியதைக் கண்டால் முதலில் கேட்க வேண்டியது, கடந்த இரண்டு நாளில் என்ன சாப்பிட்டோம் என்பது. பதில் பீட்ரூட் என்றால் அதை நிறுத்திப் பார்ப்போம். மூன்று நாளில் தெளியாவிட்டால் சோதித்துக்கொள்வோம்.