தகரக் கூரை வீட்டில் வெப்பம் குறைக்க: மகளிர் குழுவில் என்ன பேசலாம்?

தையல் தைப்பவர், பீடி சுற்றுபவர், பூக்கட்டுபவர் என்று சுய உதவிக் குழுவில் பாதிப் பேருக்கு வீடுதான் வேலையிடம். தகரக் கூரையின் கீழ் பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் அவர்களால் உட்கார முடிவதில்லை. களப்பணியாளராக நீங்கள் அவர்களிடம் பேசப் போகிறீர்கள் என்றால், பத்து யோசனைகளை அடுக்க வேண்டாம். கூரைக்கு வெள்ளை அடிப்பது என்ற ஒன்றை மட்டும் முழுமையாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.

பேச்சைத் தொடங்கும் முன்பே வேலை இருக்கிறது. ஒரே அளவில் இரண்டு பழைய தகரத் துண்டுகளை எடுத்து, ஒன்றுக்கு மட்டும் முந்தைய நாளே வெள்ளை பெயிண்ட் அடித்துக் காயவையுங்கள். கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டையும் செங்கல் மேல் வைத்து வெயிலில் விடுங்கள். பிறகு பெண்களை அழைத்து, தகரத்தின் அடியில் தொடாமல் கையை நீட்டச் சொல்லுங்கள். பெயிண்ட் அடிக்காத தகரம் அனலாய்க் காந்தும். வெள்ளைத் தகரத்தின் அடியில் அந்தக் காந்தல் வெகுவாகக் குறைந்திருக்கும். உச்சி வெயிலில் தகரம் 60 டிகிரியைத் தாண்டிச் சூடேறி அந்தச் சூட்டைத் தலைமேல் இறக்குகிறது. வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. கையால் உணர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

“அக்கா, சுண்ணாம்பு அடிச்சா போதாதா?” என்ற கேள்வி கண்டிப்பாக வரும். சிமெண்ட் தளத்துக்குச் சுண்ணாம்பு நல்லது. தகரத்துக்கு வேண்டாம். வழவழப்பான தகரத்தில் அது ஒட்டாது, ஒரு மழையிலேயே வழிந்துவிடும். ஈரச் சுண்ணாம்பின் காரம் துத்தநாகப் பூச்சையும் அரிக்கும். வெளிச்சுவருக்கு அடிக்கும் வெள்ளை அக்ரிலிக் எமல்ஷன் போதும். கூல் ரூஃப் பெயிண்ட் இன்னும் நன்றாக வெயிலைத் திருப்பும். ஆனால் தடிமனாக அடிக்க வேண்டியிருப்பதால் அளவும் செலவும் கூடும்.

கணக்கை அவர்கள் முன்னாலேயே போடுங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு, தாழ்வாரம் நான்கு பக்கமும் ஓரடி நீண்டால் கூரை 168 சதுர அடி. தகரத்தின் மேடு பள்ளத்தையும் சேர்த்து 200 என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு கோட் அடிக்க, லிட்டருக்கு ஏறத்தாழ 50 சதுர அடி என்றால் நான்கு லிட்டர் வேண்டும். (டப்பாவில் போட்டிருக்கும் அளவை ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.) ஐந்து வீடுகள் சேர்ந்தால் 20 லிட்டர் வாளி ஒன்று. பெரிய வாளியில் லிட்டர் விலை குறையும். குழுவின் உள்கடனில் வாங்கி மாதாமாதம் கழித்துவிடலாம்.

பெயிண்ட் உரிந்துபோனது என்று பின்னால் வரும் புகார்களில் பெரும்பாலானவை கூரையைத் தயார்செய்வதில் நேர்ந்த குறையால்தான் வருகின்றன. தூசியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் சோப்புத் தண்ணீரால் கழுவி, நன்றாகக் காயவிட வேண்டும். துருப் பிடித்த இடத்தைக் கம்பி பிரஷால் தேய்த்து ரெட் ஆக்சைடு பிரைமர் பூச வேண்டும். புத்தம் புதிய பளபளக்கும் தகரத்தில் பெயிண்ட் பிடிக்காது. ஒரு மழைக்காலம் கடந்து மங்கிய பிறகு அடிக்கலாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரையைத் தேய்க்கவே கூடாது, அதன் தூள் நுரையீரலுக்கு ஆபத்து.

ஏறுவதைப் பற்றி அழுத்திச் சொல்லுங்கள். போல்ட் வரிசை இருக்கும் இடத்தில்தான் அடியில் சட்டம் இருக்கிறது. கால் அங்கேதான் பட வேண்டும். பனி ஈரம் காய்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும். ஏணியைப் பிடிக்க ஓர் ஆள் தேவை. பக்கத்தில் மின்கம்பி போனால் பழகிய பெயிண்டரை விட்டுத்தான் அடிக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் மேல் யாருமே ஏறக் கூடாது, அது மிதித்தால் உடையும்.

எதிர்பார்ப்பையும் அளவோடு வையுங்கள். அறைக்குள் இரண்டு முதல் ஐந்து டிகிரி வரை குறையலாம். ஆனால் வெளிக்காற்றைவிடக் குளிர்ந்துவிடாது. கூரைக்கு அடியில் தேங்கும் சூடு வெளியேற, எதிரெதிர்ச் சுவர்களின் உச்சியில் இரண்டு கையகலத் திறப்பு விட்டுக் கம்பிவலை அடித்தால் பலன் கூடும். பெயிண்ட் வாங்க முடியாதவர்கள், தகரத்துக்கு மேல் ஒரு சாண் இடைவெளி விட்டு மூங்கில் சட்டத்தில் தென்னங்கீற்று வேயலாம். காற்றுக்குப் பறக்காமல் இறுக்கிக் கட்ட வேண்டும். அடுப்புப் புகை போகும் பக்கம் கீற்றே கூடாது.

தூசி படிந்தால் வெள்ளையின் பலன் குறையும். ஆண்டுதோறும் மாசியில் கூரையைக் கழுவி, மங்கிய இடத்தில் மட்டும் மறுபடி அடித்தால் போதும். வாடகை வீடாக இருந்தால் உரிமையாளரிடம் முதலில் பேசிவிடச் சொல்லுங்கள். கூட்டம் கலைவதற்குள் எந்த ஐந்து வீடு, எந்தத் தேதி, வாளியை யார் வாங்குவது என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்துவிட்டுக் கிளம்புங்கள்.